பதினாறு வயது மகள் மாறிவிட்டாள்: இது வயதின் கோபமா, மனச்சோர்வா?

அம்பை வாழைக்காரர் | அக்டோபர் 6, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துப் பக்கம் வாழையும் நெல்லும் வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. மகளுக்கு வயது 16. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். ஆடி மாதம் முடியும்வரை அவள் கலகலப்பான பிள்ளை. பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடினாள். வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சியோடு ஆற்றுப் படித்துறைக்குப் போவாள். இப்போது கைப்பந்தை விட்டுவிட்டாள், படித்துறைக்கும் போவதில்லை. தம்பி அறைக்குள் நுழைந்தாலே கத்துகிறாள். போன வாரம் சோற்று டப்பாவைச் சுவரில் எறிந்தாள். காலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் பாதியாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாளாவது தலைவலி அல்லது வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாள்; பள்ளி விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையும் அதே வலி இருப்பதால் பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்றும் எண்ண முடியவில்லை.

ஆனால் சனிக்கிழமை அவளுடைய தோழி வந்தபோது ஒரு மணி நேரம் வாய்விட்டுச் சிரித்துப் பேசினாள். அதனால்தான் குழம்புகிறேன். அதோடு, உயிராக வைத்திருந்த ஓவிய வண்ணப் பெட்டியைத் தன் சித்தி மகளுக்குத் தானாகவே கொடுத்துவிட்டாள். பிள்ளைக்குப் பக்குவம் வருகிறது என்று நானும் மகிழ்ந்தேன். இது இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதானா, இல்லை வைத்தியம் பார்க்க வேண்டியதா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நெல்லை மணி | அக்டோபர் 6, இரவு 11.15

அண்ணாச்சி, மூன்று பிள்ளைகளை வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த வயதில் உடம்பில் நடக்கும் மாற்றத்தால் கோபமும் அழுகையும் மாறி மாறி வரும். இரவு நேரம் கழித்துத் தூங்குவதும் அப்படியே. பருவ வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும் என்று எங்கள் குடும்ப மருத்துவரே சொல்லியிருக்கிறார். என் மூத்த மகளும் ஒரு வருடம் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. இன்று நன்றாக இருக்கிறாள். உங்கள் மகள் தோழியோடு சிரித்தாள் என்கிறீர்களே, மனச்சோர்வு உள்ளவரால் அப்படிச் சிரிக்க முடியாது. கொஞ்ச நாள் பொறுங்கள், தானாகச் சரியாகும்.

தென்காசிச் சாரல் | அக்டோபர் 7, காலை 6.20

மதிப்பெண் குறைவதற்குக் காரணம் செல்போன்தான். என் அண்ணன் மகனுக்கும் இதே நிலைதான். போனை வாங்கி வைத்துவிட்டு, காலை நாலரை மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தோம். அடுத்த தேர்விலேயே 40 மதிப்பெண் கூடியது. உயிரியலுக்கு நல்ல டியூஷன் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கடையத்தில் ஒருவர் எடுக்கிறார்.

அம்பை வாழைக்காரர் | அக்டோபர் 7, காலை 7.05

சாரல் அவர்களுக்கு நன்றி. ஆனால் நான் கேட்பது மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. போனையும் வாங்கி வைத்துப் பார்த்தோம். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அதற்கு முன்பும் இரவு இரண்டு மணி வரை அறையில் விளக்கு எரியும், இப்போதும் எரிகிறது. அதைவிட எனக்கு விசித்திரமாகப் படுவது, இந்த ஒன்பது நாளில் ஒரு முறைகூட அவள் போனைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதுதான்.

பொருநைக்கரை | அக்டோபர் 7, பிற்பகல் 2.30

அண்ணாச்சி, நான் 19 வருடங்களாக மனநல சமூகப் பணியாளராக இந்த மாவட்டத்து ஊர்களில் வேலை பார்ப்பவள். நேரில் பார்க்காமல் உங்கள் மகளுக்கு இன்னது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர் யாராயிருந்தாலும் நம்ப வேண்டாம். நீங்கள் எழுதியவற்றில் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மணி அண்ணன் சொன்னதில் பாதி சரி. தூக்க நேரம் தள்ளிப்போவது பருவ வயதின் இயல்புதான். ஆனால் அப்படித் தள்ளிப்போன பிள்ளை விடுமுறை நாளில் பத்து மணி வரை நிம்மதியாகத் தூங்கி, எழுந்ததும் பசிக்கிறது என்பாள். உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை எப்போது எழுகிறாள், எழுந்தபின் எப்படி இருக்கிறாள் என்று கவனித்தீர்களா? இரண்டு மணிக்குப் படுத்து நாலரைக்கே விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை வயதின் குணம் என்று விட்டுவிட முடியாது.

சிரிப்பு விஷயத்தில் மணி அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை. பெரியவர்களின் மனச்சோர்வை மனதில் வைத்துக்கொண்டு, எந்நேரமும் அழுத முகத்தோடு இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இளவயதில் அது சில வேளைகளில் துக்கமாக வெளியே தெரியாமல், எரிச்சலாகத் தெரியும். பிடித்த தோழி வந்தால் அந்த ஒரு மணி நேரம் முகம் மலர்வதும் உண்டு. அவள் போனபின் என்ன ஆகிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும். வயதுக்குரிய மனநிலை மாற்றம் என்றால் அந்தச் சிரிப்பின் மிச்சம் மாலை வரைக்கும் இருக்கும். சோர்வு என்றால் வாசற்கதவு சாத்தியதுமே முகம் பழையபடி விழுந்துவிடும். பேசிய களைப்பில் பலர் படுத்தும் விடுவார்கள்.

வேறு பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். போன வருடம் இதே மாதத்தில் இருந்த உங்கள் மகளோடு இந்த மகளை ஒப்பிடுங்கள். சண்டை, தேர்வு, தோழியின் பேச்சு என்று காரணத்தோடு வரும் கோபம் சில மணி நேரத்தில் அல்லது இரண்டு மூன்று நாளில் இறங்கும். வீட்டில் கத்தினாலும் விளையாட்டில் பிள்ளை பழைய பிள்ளையாகவே இருப்பாள். இரண்டு வாரம் ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும் அதே எரிச்சலோ வெறுமையோ இருந்து, முன்பு ஆசையாகச் செய்தவை எல்லாம் கசந்து, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் சேர்ந்தே கெடுமானால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நீங்கள் சொல்லும் கணக்கில் ஏழெட்டு வாரமாகிறது. வீடு, பள்ளி, விளையாட்டு என்று மூன்று இடத்திலும் மாறியிருக்கிறாள். போனைத் திருப்பிக் கேட்கவில்லை என்று நீங்கள் கவனித்தது மிகக் கூர்மையான கவனிப்பு. போனுக்கு அடிமையான பிள்ளை வீட்டையே இரண்டாக்கியிருப்பாள். தூக்கம் வராததால் போனைப் பார்த்தாளா, போனைப் பார்த்ததால் தூக்கம் கெட்டதா என்று அந்த ஒன்பது நாளே உங்களுக்குச் சொல்லிவிட்டது.

கடைசியாக ஒன்று. இதைப் பதறாமல் படியுங்கள். அந்த வண்ணப் பெட்டியைப் பக்குவம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உயிராக வைத்திருந்த பொருளை ஒரு பிள்ளை காரணம் சொல்லாமல் கொடுத்துவிடுவது சில வேளைகளில் இனி இது எனக்குத் தேவைப்படாது என்ற எண்ணத்திலிருந்து வரும். அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்று அவளிடம் நேராகக் கேட்க வேண்டிய நிலை இது. இரண்டு வாரக் கணக்கு மற்ற அறிகுறிகளுக்குத்தான். இந்தக் கேள்விக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

நெல்லை மணி | அக்டோபர் 7, மாலை 5.10

அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சாவைப் பற்றிப் பிள்ளையிடம் நாமே கேட்பது, இல்லாத எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுப்பது ஆகாதா? எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே விளக்கு வைத்த நேரத்தில் உச்சரிக்க மாட்டோம்.

பொருநைக்கரை | அக்டோபர் 7, மாலை 6.45

இந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, மணி அண்ணன். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்டும் மற்றப் பிரிவிடம் கேட்காமலும் விட்டுப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்த பிள்ளைகளுக்கு வேதனை சற்றுக் குறைந்தே காணப்பட்டது. என் அனுபவமும் அதுதான். அந்த எண்ணத்தோடு பல நாள் தனியாக இருந்த பிள்ளைக்கு, வீட்டில் ஒருவர் வாய்திறந்து கேட்டதே பாதிப் பாரம் இறங்கியது போல இருக்கும்.

அம்பை வாழைக்காரர் | அக்டோபர் 7, இரவு 11.50

இன்று இரவே பேசிப் பார்த்தேன், கெடுத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கையில் ஆரம்பித்தேன். "ஒனக்கு என்ன கொறை வச்சோம்? ஏன் இப்படி இருக்க? அப்பா வெயில்ல கெடந்து ஒழைக்கது யாருக்காவ?" என்று என் வாயில் வந்துவிட்டது. ஆச்சி ஒரு பக்கம், "நாவூறுதான், கோடாங்கிட்ட கூட்டிட்டுப் போவோம்" என்றார். மகள், "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்று தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பொருநைக்கரை அம்மா கேட்கச் சொன்னதை நான் கேட்கவே இல்லை. இப்போது கதவைத் தாழிட்டிருக்கிறாள்.

களக்காட்டான் | அக்டோபர் 8, அதிகாலை 12.35

எனக்கு வயது 23. பன்னிரண்டாம் வகுப்பில் நானும் இப்படித்தான் இருந்தேன். அண்ணாச்சி, நீங்கள் சொன்ன அதே வரியை என் அப்பாவும் சொன்னார். அதைக் கேட்டபோது என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். இவ்வளவு செய்பவர்களுக்கு நான் பாரமாக இருக்கிறேன், நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது என்றுதான் தோன்றியது. அவர் அன்பாகத்தான் சொன்னார் என்பது இப்போது புரிகிறது. அன்று அது கடன் பட்டியல் வாசித்தது போல இருந்தது.

'ஏன் இப்படி இருக்கிறாய்' என்ற கேள்விக்கு என்னிடம் உண்மையிலேயே பதில் கிடையாது. எனக்கே காரணம் தெரியாது. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால் ஒண்ணுமில்லை என்றுதான் வரும். என்னிடம் முதலில் பேசியது என் மைனி. காரணமே கேட்கவில்லை. "ரெண்டு மாசமா நீ சரியா சாப்பிடல, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் நானாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்று ஒன்று செய்யுங்கள். முதலில் அந்தக் கதவைத் தட்டி, கோபப்பட்டது தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். தாழ்ப்பாளையும் பகலில் கழற்றிவிடுங்கள்.

பொருநைக்கரை | அக்டோபர் 8, காலை 5.40

களக்காட்டுத் தம்பி சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. தாழ்ப்பாளை மட்டும் அவளுக்குத் தெரியாமல் கழற்றாதீர்கள். ஏன் கழற்றுகிறீர்கள் என்று அவளிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அண்ணாச்சி, நேற்று நடந்ததால் எல்லாம் கெட்டுவிடவில்லை. முதல் பேச்சு பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் முடிகிறது. அடுத்த முறை எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம், எதிரெதிரே உட்கார்ந்தும் வேண்டாம். கண்ணைப் பார்த்துப் பேசும் நிலை வந்தாலே இந்த வயதுப் பிள்ளைகள் விசாரணைக் கூண்டில் நிற்பதாக எண்ணிக்கொள்வார்கள். கைக்கு ஒரு வேலை இருந்து, முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும் நேரம் நல்லது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, கீரை ஆயும்போது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது என்று உங்கள் வீட்டில் எது இயல்போ அதில் தொடங்குங்கள். உங்களைவிட அவள் அம்மா பேசுவது எளிதாக இருக்கலாம்.

கண்ணால் கண்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். 'நீ சோம்பேறியாகிவிட்டாய்' என்பது தீர்ப்பு. 'கைப்பந்துக்குப் போகாமல் ஆறு வாரம் ஆகிறது' என்பது கண்டது. அதைச் சொல்லிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். அதை நிரப்புவதற்காகத்தான் நாம் அறிவுரை சொல்லத் தொடங்குகிறோம். அவள் ஏதாவது சொன்னால் உடனே ஆறுதல் சொல்லி மூடாமல், அவள் சொன்ன அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும். பிறகு அந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். 'தப்பான எண்ணம் ஒன்றும் இல்லையே?' என்று கேட்காதீர்கள். இல்லை என்ற பதிலை நாமே வாயில் ஊட்டுகிற கேள்வி அது. 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது? அவள் பதில் எதுவாக இருந்தாலும், கேட்பதற்கு முன்பே அதை வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள்.

அம்பை வாழைக்காரர் | அக்டோபர் 8, இரவு 9.30

மருந்து டப்பாக்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. காலையிலேயே தோட்டத்து மோட்டார் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை என் பங்காளி வீட்டில் கொடுத்துவிட்டேன். ஆச்சியின் தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டோம்.

மாலையில் என் மனைவி அவளைத் திண்ணையில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தார். முடி ஒரு மாதமாகச் சிக்குப் பிடித்துக் கிடந்ததாம். "ஏட்டி, ஒன் முடிய நீ இப்படி விடமாட்டியே, கொஞ்ச நாளா நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கால் மணி நேரம் பேச்சில்லை. பிறகு அவளாகவே, "சீப்பு எடுக்கவே பெரிய வேலையா இருக்கும்மா" என்றாளாம். மனைவி, "பெரிய வேலையா இருக்கா" என்று திருப்பிச் சொன்னதும் அழத் தொடங்கிவிட்டாள். அழுது முடிந்தபின் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சாவணும்னு இல்லம்மா, ராத்திரி தூங்கிட்டு காலைல எந்திரிக்காம போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது" என்றாள். அந்த வண்ணப் பெட்டியைக் கேட்டதற்கு, இனிமேல் வரையப்போவதில்லை என்பதால் கொடுத்தேன் என்றாள்.

இதைத் தட்டச்சு செய்யவே கை நடுங்குகிறது. இன்று இரவு என்ன செய்ய வேண்டும்?

பொருநைக்கரை | அக்டோபர் 8, இரவு 9.42

அவள் அம்மா மிகச் சரியாகப் பேசியிருக்கிறார். எழாமல் போனால் நல்லது என்ற எண்ணத்துக்கும், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருப்பதற்கும் வேறுபாடு உண்டு. அதனால் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: எப்படிச் செய்யலாம் என்று எப்போதாவது யோசித்தாயா? எனக்காக அம்மாவை மென்மையாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்றால் இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள், 108ஐ அழைக்கலாம். இல்லை என்றால் இன்று இரவு அம்மா அவளோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு, நாளைக் காலை மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். இடையில் கலக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அவளும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

அம்பை வாழைக்காரர் | அக்டோபர் 8, இரவு 10.25

கேட்டார். அப்படி யோசித்ததில்லை என்று தலையை ஆட்டினாள். காலையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

அம்பை வாழைக்காரர் | அக்டோபர் 10, இரவு 8.15

நேற்று அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்த்தோம். கூட்டம் அதிகம், பதினோரு மணிக்குத்தான் முறை வந்தது. மருத்துவர் முதலில் எங்களோடு பேசினார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு மட்டும் அரை மணி நேரம் பேசினார். அப்பாவாக எனக்கு அது சங்கடமாக இருந்தது. உயிருக்கு ஆபத்தான செய்தி என்றால் உங்களுக்குச் சொல்வேன், மற்றவை அவளுடையவை என்று எங்கள் முன்னாலேயே அவளிடம் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சாலையைப் பார்த்தபடி வந்தாலும் முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

ஒன்பது கேள்விகள் உள்ள தாளை நிரப்பச் சொன்னார்கள். இரத்தம் எடுத்து ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. சோகையாலும் களைப்பு வரும், ஆனால் இவளுக்கு அது மட்டும் காரணமல்ல என்றார். இரும்புச்சத்து மாத்திரையும், வாரம் ஒரு முறை மனநல ஆலோசனையும் இப்போதைக்கு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டுத் தேவையானால் ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரையைத் தொடங்கலாம் என்றார். சோகை என்று கேட்டதும் ஆச்சிக்கு நிம்மதி. முருங்கைக்கீரை சமைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அதையே பிடித்துக்கொண்டார்.

தென்காசிச் சாரல் | அக்டோபர் 10, இரவு 9.00

முதலில் நான் சரியாகப் படிக்காமல் டியூஷன் பற்றி எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் மாத்திரை விஷயத்தில் யோசித்துச் செய்யுங்கள். இந்த வகை மாத்திரை இளவயதினருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று அமெரிக்க அரசே எச்சரித்திருப்பதாகப் படித்தேன்.

பொருநைக்கரை | அக்டோபர் 10, இரவு 10.20

படித்தது உண்மைதான், சாரல். 2004இல் அங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அந்த எச்சரிக்கையை மருந்தின் தகவல் தாளிலேயே கட்டமிட்டு அச்சிடச் சொன்னது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து எடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு நால்வருக்குப் புதிதாகத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு இருவருக்கு வந்தது. அந்த ஆய்வுகளில் ஒரு பிள்ளைகூட இறக்கவில்லை. அதனால் மருந்தே வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. தொடங்கிய முதல் சில வாரங்களும், அளவை மாற்றும் நாட்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை என்றுதான் கொள்ள வேண்டும். அப்போது படபடப்பும் இருப்புக்கொள்ளாத நிலையும் வந்தால், அடுத்த முறை வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரமாகும். இரண்டாம் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

வள்ளியூர் அம்மா | அக்டோபர் 11, காலை 10.05

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் மகனுக்கு 17 வயதில் இதே போல மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரேயடியாகச் சுறுசுறுப்பாகிவிட்டான். இரவு இரண்டு மணி நேரம் தூங்கினாலே போதும் என்றான், விடாமல் பேசினான், அப்பாவின் பணத்தில் மூன்று பேருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தான். பிள்ளை குணமாகிவிட்டான் என்று நாங்கள் ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தோம். அது குணம் அல்ல. எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் வேறொரு நோய். என் கொழுந்தனுக்கு இளவயதில் அப்படி வந்து ஊரே பேசியது. மருத்துவர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டபோது, வெட்கப்பட்டு நான் இல்லை என்று சொல்லியிருந்தேன். அண்ணாச்சி, உங்கள் பக்கமும் மைனி பக்கமும் யாருக்காவது அப்படி இருந்திருந்தால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்பை வாழைக்காரர் | அக்டோபர் 11, இரவு 7.40

அக்கா, நல்ல வேளையாகச் சொன்னீர்கள். மனைவியின் தாய்மாமா ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அது எந்த நோய் என்று எங்களுக்கே தெரியாது. அடுத்த முறை அதையும் மருத்துவரிடம் சொல்கிறோம்.

அம்பை வாழைக்காரர் | டிசம்பர் 3, இரவு 9.10

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். மாமாவைப் பற்றிச் சொன்னதும் மருத்துவர் நிறைய விசாரித்தார்; பிறகு அக்டோபர் கடைசியில் குறைந்த அளவில் மாத்திரையைத் தொடங்கினார். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, பிறகு நின்றுவிட்டது. வள்ளியூர் அக்கா சொன்னது போலத் தூக்கம் திடீரென்று குறைகிறதா என்று தினமும் ஒரு நோட்டில் மணியை எழுதி வைக்கிறோம். இப்போது பதினொன்றரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறாள். தலைவலி வாரம் ஒரு முறையாகக் குறைந்துவிட்டது. கைப்பந்துக்கு இன்னும் போகவில்லை. போன வாரம் இரண்டு நாள் மறுபடியும் பேசாமல் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் எழுந்துவிட்டாள். அது நோய் திரும்பியதா, சாதாரணக் கோபமா என்று இப்போதும் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் தீராத வழக்கு ஆச்சியோடுதான். மாத்திரை கொடுப்பது அவருக்குத் தெரியும். ஆனால் கோடாங்கியிடம் ஒரு முறையாவது போக வேண்டும் என்கிறார். குலதெய்வம் கோயிலுக்கு எல்லோருமாகப் போய்வந்தோம், அது மகளுக்கும் பிடித்திருந்தது. கோடாங்கிக்கு நான் சம்மதிக்கவில்லை. இன்னொன்று, பள்ளியில் வருகைப் பதிவு குறைகிறது. வகுப்பு ஆசிரியையிடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது? பெண்பிள்ளை, நாளைக்குப் பேச்சு வரும் என்று மனைவி பயப்படுகிறார்.

களக்காட்டான் | டிசம்பர் 3, இரவு 10.00

என்னைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். உடுக்கு அடித்து, எந்தப் பேய் பிடித்தது என்று என்னையே கேட்டார்கள். என்னிடம் தப்பு இருக்கிறது என்ற எண்ணம்தான் அன்று உறுதியானது. நீங்கள் சம்மதிக்காததே நல்லது.

பொருநைக்கரை | டிசம்பர் 4, காலை 6.10

அந்த இரண்டு நாளில் தூக்க நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தூங்கி எழும் நேரம் மாறாமலிருந்து, மூன்றாம் நாள் தானாக எழுந்தாள் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். குணமாகும் பிள்ளைக்கும் கோபம் வரும், வரவும் வேண்டும். நேரம் உடைந்து ஒரு வாரத்தைத் தாண்டினால் மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள். நலமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை தொடர வேண்டியிருக்கும். அதை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

பாளை ஓய்வாசிரியை | டிசம்பர் 4, பிற்பகல் 3.20

நான் 31 வருடம் பள்ளியில் இருந்தவள். பள்ளிக்கு நோயின் பெயர் தேவையில்லை. மருத்துவ சிகிச்சையில் இருக்கிறாள், மருத்துவச் சான்று தருகிறோம் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்தால் வருகைப் பதிவுக்கு அது உதவும். வகுப்பு ஆசிரியை ஒருவரிடம் மட்டும் கூடுதலாகச் சொல்லலாம்; அவர் எப்படிப்பட்டவர் என்று உங்கள் மகளுக்குத்தான் தெரியும், ஆகவே சொல்லலாமா என்று முதலில் அவளைக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். சம்மதித்தால் ஆசிரியையிடம் மூன்று உதவிகளைக் கேளுங்கள்: எல்லோர் முன்னிலையிலும் மதிப்பெண்ணை வாசிக்க வேண்டாம், முடியாத நாளில் ஓய்வறையில் அரை மணி நேரம் இருக்க விட வேண்டும், தனியாக ஒதுங்கி நின்றால் வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். உங்கள் மனைவியின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர் அறையில் பேசியது மறுநாளே தெருவுக்குப் போனதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் ஒருவரிடம் மட்டும் என்கிறேன்.

அம்பை வாழைக்காரர் | டிசம்பர் 4, இரவு 8.50

கேட்டோம். உயிரியல் ஆசிரியை வேண்டாம், தமிழ் ஆசிரியையிடம் சொல்லலாம் என்கிறாள். திங்கட்கிழமை அவள் அம்மா போகிறார். கூட வருவதாக அவளே சொல்லியிருக்கிறாள்.